ஒரே டச்சில் இன்டர்நெட் வேகம் கூடுமா? பூஸ்டர் ஆப், ரெஜிஸ்ட்ரி கிளீனர், ‘ரகசிய கமாண்ட்’ சொல்லும் பொய்கள்

"ஏம்மா, நீதான் பத்திரிகையில டெக் எழுதுறியே. இதைக் கொஞ்சம் பாரேன். மாசா மாசம் 200 எம்பிபிஎஸ்-க்கு பணம் கட்டுறேன். மாடி ரூம்ல தங்குறவங்க வீடியோ கால்கூட பேச முடியலைன்னு ரிவ்யூல எழுதிட்டுப் போறாங்க."

மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெரு பக்கம் நான்கு அறைகள் கொண்ட சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறார் என் மாமா. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வருபவர்கள், லேப்டாப்போடு வந்து வாரக்கணக்கில் தங்கி வேலை பார்ப்பவர்கள் எல்லாம் அவரிடம் வருவார்கள். அவர்களுக்குக் கடல் எவ்வளவு முக்கியமோ, வைஃபையும் அவ்வளவு முக்கியம்.

நான் போவதற்கு முன்பே மாமா மூன்று வைத்தியம் பார்த்து முடித்திருந்தார். போனில் ‘நெட் ஸ்பீடு பூஸ்டர்’ என்று ஒரு இலவச ஆப். கவுன்ட்டர் லேப்டாப்பில் வருடத்துக்கு 1,499 ரூபாய் கட்டி வாங்கிய ‘பிசி கிளீனர்’. மூன்றாவதாக, செங்கல்பட்டில் கல்லூரியில் படிக்கும் அவர் மகன் யூடியூப் வீடியோ பார்த்து அதே லேப்டாப்பில் அடித்துவைத்த நாலு வரி கமாண்ட். மூன்றில் ஒன்று எதுவும் செய்யவில்லை. இன்னொன்று பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டது. மூன்றாவது, இருந்த வேகத்தையும் குறைத்திருந்தது.

இந்த மூன்றும் மாமா வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம்மில் பலருடைய போனிலும் லேப்டாப்பிலும் இதில் ஏதோ ஒன்று இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போனில் உள்ள பூஸ்டர் ஆப் உண்மையில் என்ன செய்கிறது?

மாமாவின் ஆப்பைத் திறந்தால் நடுவில் பெரிய ராக்கெட் படம். அதைத் தொட்டால் வட்டம் சுற்றும், முள் ஏறும், "உங்கள் இன்டர்நெட் 43% வேகமாகிவிட்டது" என்று வரும். உடனே ஒரு விளம்பர வீடியோ ஓடும்.

நான் ஒரு எளிய சோதனை செய்தேன். போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். வைஃபை இல்லை, டேட்டா இல்லை. இப்போது ராக்கெட்டைத் தொட்டேன். அப்போதும் வட்டம் சுற்றியது. "39% வேகமாகிவிட்டது" என்றது. இல்லாத இணைப்பை எப்படி 39 சதவீதம் வேகமாக்க முடியும்? அந்த எண் எதையும் அளந்து வந்ததல்ல, திரையில் காட்டுவதற்காக வைத்தது, அவ்வளவுதான். உங்கள் போனில் இருக்கும் பூஸ்டரையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று ஒதுக்கப்பட்ட பெட்டிக்குள்தான் ஓடுகிறது. போன் எந்த டவரோடு பேச வேண்டும், எவ்வளவு வேகத்தில் பேச வேண்டும் என்பதை மோடம் சிப்பும் நெட்வொர்க் நிறுவனத்தின் கருவிகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பிளே ஸ்டோரில் இருந்து இறக்கிய சாதாரண ஆப் எதற்கும் அதில் கைவைக்க அனுமதி கிடையாது.

அப்படியானால் பூஸ்டரால் செய்யக்கூடியது என்ன? பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் பின்னணியில் ஓடும் ஆப்களை மூடலாம். போட்டோ பேக்கப் மாதிரி ஏதாவது அந்த நேரத்தில் டேட்டாவை இழுத்துக்கொண்டிருந்தால், அது நின்றதும் கொஞ்சம் மூச்சு விடலாம். இதுதான் இந்த ஆப்களில் இருக்கும் ஒரே துளி உண்மை. ஆனால் மூடிய ஆப்களில் பல சில நிமிடங்களில் தானாகவே திரும்பி வந்துவிடும். மறுபடி முதலில் இருந்து எழுந்திருக்க பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும். பேக்கப்பை நிறுத்த வேண்டுமென்றால் அதன் செட்டிங்ஸில் நாமே நிறுத்திவிடலாம். அதற்கு நடுவில் ஒரு ஆள் தேவையில்லை.

வேகம் கூடவில்லை என்றால் அவர்களுக்கு என்ன லாபம்?

இதற்கு இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு உதாரணம் இருக்கிறது. ‘கிளீன் மாஸ்டர்’ ஞாபகம் இருக்கிறதா? பத்து வருடங்களுக்கு முன் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினால் பலரும் முதலில் இறக்கிய ஆப்களில் அதுவும் ஒன்று. குப்பையை நீக்கும், ரேமை விடுவிக்கும், போனை வேகமாக்கும் என்றது. சீனாவின் சீட்டா மொபைல் நிறுவனத்துடையது.

2018 நவம்பரில், விளம்பரத் துறையை ஆராயும் கோச்சாவா என்ற நிறுவனத்தின் ஆய்வை வைத்து பஸ்ஃபீட் நியூஸ் ஒரு செய்தி வெளியிட்டது. கிளீன் மாஸ்டர் உட்பட சீட்டா மொபைலின் ஏழு ஆப்கள் மீதும், கீகா டெக் நிறுவனத்தின் ஒரு கீபோர்டு ஆப் மீதும் குற்றச்சாட்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஒரு விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் புதிய ஆப் ஒன்றை இறக்கினால், அந்த விளம்பரத்தைக் காட்டியவருக்குச் சன்மானம் உண்டு. நீங்கள் எந்த ஆப்பை இறக்குகிறீர்கள் என்பதை இந்த ஆப்கள் பின்னணியில் கவனித்து, "எங்கள் மூலமாகத்தான் இவர் இறக்கினார்" என்று கணக்குக் காட்டிச் சன்மானத்தை வாங்கிக்கொண்டன என்பதே குற்றச்சாட்டு. சீட்டா மொபைல் இதை மறுத்தது.

2020 பிப்ரவரியில், பயனர்களுக்கு இடையூறாக விளம்பரம் காட்டும் ஆப்கள் என்று சொல்லி கிட்டத்தட்ட 600 ஆப்களை கூகுள் தன் பிளே ஸ்டோரில் இருந்து நீக்கியது. சீட்டா மொபைலின் ஆப்களும் அப்போது போயின. அதே ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களின் பட்டியலில் டிக்டாக்கோடு கிளீன் மாஸ்டர், டியூ கிளீனர், டியூ பேட்டரி சேவர் ஆகியவையும் இருந்தன. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்தத் தடைக்கு அரசு சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். ‘வேகம் கூடவில்லை’ என்பதற்காக யாரும் தடை செய்யவில்லை. அதனால்தான் அந்தப் பெயர்கள் போனாலும், அதே ராக்கெட் படத்தோடு வேறு பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆக, இந்த ஆப்புக்கு வருமானம் உங்கள் வேகத்தில் இருந்து வரவில்லை. நீங்கள் திரும்பத் திரும்பத் தொடும் அந்த ராக்கெட்டில் இருந்து வருகிறது.

1,186 ‘பிழைகள்’: ரெஜிஸ்ட்ரி கிளீனர் கதை

மாமாவின் லேப்டாப்பில் இருந்த கிளீனர் முதலில் இலவசமாக ‘ஸ்கேன்’ செய்து, "1,186 சிக்கல்கள்! உங்கள் இணைய வேகம் ஆபத்தில் இருக்கிறது" என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. சரிசெய்ய 1,499 ரூபாய். மாமா கட்டிவிட்டார்.

அந்தப் பட்டியலை விரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை பிரவுசர் குக்கீகள். அதாவது, நீங்கள் போன ஒவ்வொரு தளமும் விட்டுவைக்கும் சின்னக் குறிப்புகள். மீதி, எப்போதோ நீக்கிய ஒரு பிரின்டருக்கும் சில மென்பொருள்களுக்கும் ரெஜிஸ்ட்ரியில் மிச்சமிருந்த வரிகள். ‘பிழை’ என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பெரிய பேரேடு. லட்சக்கணக்கான பதிவுகள் அதில் இருக்கும். விண்டோஸ் அதை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. வேண்டிய தலைப்புக்கு நேராகப் போய் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். ஆயிரம் பழைய வரிகள் கிடந்தாலும், நீக்கினாலும், அந்தத் தேடலில் நாம் உணரும் அளவுக்கு வித்தியாசம் வராது. அதைவிட முக்கியமான விஷயம், நீங்கள் ஒரு படத்தை இறக்கும்போது அந்த டேட்டா ரெஜிஸ்ட்ரி வழியாகப் போவதே இல்லை. அதைச் சுத்தம் செய்து இணையத்தை வேகமாக்குவது, வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தினால் பரனூர் டோல்கேட்டில் நெரிசல் குறையும் என்பது மாதிரி.

ஆனால் தவறான வரியை நீக்கிவிட்டால் ஒரு மென்பொருள் திறக்காமல் போகலாம், விண்டோஸே எழுந்திருக்காமலும் போகலாம். இந்த வகைக் கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது.

அந்த சிவப்பு எண் எப்படி வருகிறது என்பதற்கு நீதிமன்றம் வரை போன சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலியில் ‘பிசி ஹெல்த் செக்’ என்று ஒரு இலவசப் பரிசோதனை இருந்தது. பரிசோதனை தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்கிற மாதிரி. கடை ஊழியர் அதில் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் போதும், கணினியில் ‘மால்வேர் அறிகுறி’ இருக்கிறது என்று முடிவு வந்துவிடும். ஸ்கேன் எதைக் கண்டுபிடித்தது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. அதைக் காட்டி பழுதுபார்க்கும் சேவையை விற்றார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்கு தொடுத்து, 2019 மார்ச்சில் ஆஃபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளை வழங்கிய சப்போர்ட் டாட் காம் ஒரு கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன.

எல்லா கிளீனரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஸ்கேன் இலவசம், சரிசெய்ய மட்டும் காசு என்றால், பிழைகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அவர்களுக்கு லாபம் என்பதை மறக்க வேண்டாம்.

‘விண்டோஸ் 20% நெட்டைத் திருடுகிறது’ என்பது உண்மையா?

மாமா மகன் பார்த்த வீடியோ இப்படித்தான் ஆரம்பித்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இருந்தே, அதாவது இருபது வருடத்துக்கும் மேலாக, உலா வரும் புரளி இது. விண்டோஸின் குரூப் பாலிசியில் `Limit reservable bandwidth` என்று ஒரு அமைப்பு நிஜமாகவே இருக்கிறது. அதை எடுத்து பூஜ்ஜியமாக்கினால் ‘ஒளித்துவைத்த’ 20% வெளியே வரும் என்பார்கள்.

அந்த அமைப்பு என்ன சொல்கிறது என்றால், ஏதாவது ஒரு மென்பொருள் "எனக்கு முன்னுரிமை வேண்டும்" என்று முறைப்படி கேட்டால் அதிகபட்சம் எவ்வளவு ஒதுக்கலாம் என்பதைத்தான். அப்படி யாரும் கேட்காதபோது முழு இணைப்பும் எல்லோருக்கும் பொதுவே. கேட்டு வாங்கிய மென்பொருளும் அதைப் பயன்படுத்தாமல் சும்மா இருந்தால், அந்தப் பங்கை மற்றவை எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பி காலத்திலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. பஸ்ஸில் முதியோர் இருக்கை மாதிரி. முதியவர் யாரும் ஏறாத வரை அதில் நாம் உட்கார்ந்துதான் போகிறோம்.

இந்த மாற்றத்தால் நன்மை இல்லை, பெரிய தீமையும் இல்லை. ஆனால் அந்த வீடியோவின் நான்கு வரிகளில் ஒன்று வேறு ரகம்:

```
netsh int tcp set global autotuninglevel=disabled
```

இதுதான் மாமாவின் லேப்டாப்பை நிஜமாகவே மெதுவாக்கியது.

வேகமாக்கும் கமாண்ட் எப்படி வேகத்தைக் குறைத்தது?

இணையத்தில் ஒரு ஃபைல் வரும்போது அனுப்பும் சர்வர் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. ஒரு அளவு அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராமலேயே எவ்வளவு அனுப்பலாம் என்று சொல்வது நம் கணினிதான். அந்த அளவை விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்து விண்டோஸே நிலைமைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. மேலே உள்ள கமாண்ட் அந்தத் திறனை அணைத்துவிடுகிறது. அதன் பிறகு அளவு 65,535 பைட்டுகளைத் தாண்டாது. சுமார் 64 கிலோபைட்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65,535 பைட் என்றால் சுமார் 5.24 லட்சம் பிட். சென்னையில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப 4 மில்லிவிநாடி ஆகிறது என்று வையுங்கள். ஒரு விநாடியில் 250 முறை போய் வரலாம். ஆக 131 எம்பிபிஎஸ் வரை கிடைக்கும். ஜெர்மனியில் உள்ள சர்வர் என்றால் போய்த் திரும்ப 160 மில்லிவிநாடி. விநாடிக்கு ஆறு முறைதான். அப்போது ஒரு இணைப்பில் கிடைப்பது 3.3 எம்பிபிஎஸ் மட்டுமே. நீங்கள் 200 பிளான் வைத்திருந்தாலும், 1,000 பிளான் வைத்திருந்தாலும் அதே 3.3 தான்.

மாமாவுக்கு நடந்ததும் இதுவே. தங்கியிருந்த ஜெர்மன் விருந்தினர் ஒருவர் ஹோம்ஸ்டேவை வீடியோ எடுத்து, தன் ஊர் சர்வரில் ஏற்றி லிங்க் அனுப்பியிருந்தார். 1 ஜிபி. இறங்க 40 நிமிடம் ஆனதாம். ஆனால் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94 காட்டுகிறது, யூடியூபும் தடையில்லாமல் ஓடுகிறது. "அப்போ அந்த ஜெர்மன்காரர் சைட்தான் ஸ்லோ" என்று மாமா முடிவு செய்துவிட்டார்.

ஸ்பீடு டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? அது பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கிறது, அதோடு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கிறது. குரோமில் யூடியூப் பெரும்பாலும் குயிக் என்ற வேறு முறையில் வருவதால் இந்தக் கட்டுப்பாடு அதைத் தொடுவதில்லை. தூரத்து சர்வரில் இருந்து ஒரே ஃபைலாக இறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

உங்கள் கணினியில் யாராவது இப்படிக் கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து முதல் வரியை அடியுங்கள். `Receive Window Auto-Tuning Level` என்பதற்கு எதிரே `normal` என்று இருந்தால் நல்லது. `disabled` என்று இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இரண்டாவது வரியை அடியுங்கள்.

```
netsh int tcp show global
netsh int tcp set global autotuninglevel=normal
```

மாற்றிவிட்டு அதே 1 ஜிபி ஃபைலை மறுபடி இறக்கினோம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மாமா மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, 200 பிளானுக்கு ஏன் 94 தான் வந்தது?

இந்த 94 என்ற எண்ணே ஒரு துப்பு. 100 எம்பிபிஎஸ் இணைப்பில், அனுப்பும் பொட்டலங்களின் முகவரிச் சீட்டு மாதிரியான கூடுதல் சுமை போக நம் கைக்கு வருவது சுமார் 94. எந்த நேரத்தில் சோதித்தாலும் 94, 93, 94 என்று மாறாமல் வந்தால், வழியில் ஏதோ ஒன்று 100-லேயே நிற்கிறது என்று அர்த்தம்.

விண்டோஸில் பவர்ஷெல் திறந்து `Get-NetAdapter` என்று அடித்தால் `LinkSpeed` தெரியும். மாமாவின் லேப்டாப்பில் `100 Mbps` என்று இருந்தது. ரவுட்டரும் லேப்டாப்பும் இரண்டுமே 1 ஜிபிபிஎஸ் வரை பேசக்கூடியவை. மிச்சமிருப்பது நடுவில் உள்ள கேபிள்.

நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். முற்றத்தின் வழியாக வரும் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தோம். பின்களில் பச்சையாகக் களிம்பு. கடல் ஓரத்து உப்புக் காற்று செய்த வேலை. கேட்டு வாசல் கீலுக்குத் துரு ஏறுகிற மாதிரி இதற்கும் ஏறியிருக்கிறது. இரண்டு முனையையும் வெட்டிவிட்டு, கேபிள்காரரை வைத்து புது பிளக் போட்டதும் `1 Gbps` ஆனது. சோதனையில் 190-க்கு மேல் வந்தது. எந்த பூஸ்டராலும் இந்தக் களிம்பைச் சுரண்ட முடியாது!

மாடி அறை வைஃபை என்ன ஆச்சு?

இது மூன்றாவது, தனிக் காரணம். ரவுட்டர் கீழே கவுன்ட்டரில், ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இரும்பு வைஃபை அலையைத் தடுக்கும். அதைத் தாண்டி, ஒரு கான்கிரீட் தளத்தையும் தாண்டி மாடிக்குப் போக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் பலவீனம். அதனால் மாடியில் உள்ள போன்கள் எல்லாம் 2.4-க்கு இறங்கிவிடுகின்றன. அங்கே அடுத்த அலைவரிசையில் மோதாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அந்தத் தெருவிலோ வரிசையாக லாட்ஜ், கஃபே, ஹோம்ஸ்டே. எல்லா ரவுட்டரும் அந்த மூன்றுக்குள்தான் முட்டிமோதுகின்றன.

ரவுட்டரை பீரோவின் மறைவில் இருந்து வெளியே எடுத்து உயரத்தில் வைத்தோம். மாடி வராந்தாவுக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கே தனியாக ஒரு ஆக்ஸஸ் பாயின்ட் வைத்தோம். முன்பு 8, 10 என்று தள்ளாடிய அறையில் 120-க்கு மேல் வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: மின் பிளக்கில் செருகும் ‘வைஃபை ரிப்பீட்டர்’ இதற்குச் சமம் இல்லை. அது வாங்கிய சிக்னலையே வைஃபையில் திருப்பி அனுப்புவதால், பல மலிவான மாடல்களில் வேகம் பாதியாகிவிடும். கேபிள் இழுக்க முடிந்தால் அதுதான் நல்லது.

இன்னும் சில ‘டிரிக்’: எது பொய், எது பாதி உண்மை?

*டிஎன்எஸ்-ஐ 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் வேகம் கூடும்:* பாதி உண்மை. டிஎன்எஸ் என்பது வழி விசாரிப்பது மாதிரி. திருக்கழுக்குன்றத்துக்கு எப்படிப் போவது என்று விவரம் தெரிந்த டீக்கடைக்காரரிடம் கேட்டால் பதில் சீக்கிரம் வரும். அதற்காகச் சாலை அகலமாகிவிடாது. உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் மந்தமாக இருந்தால், பக்கம் திறக்க ஆரம்பிப்பது கொஞ்சம் சுறுசுறுப்பாகும். டவுன்லோடு வேகம் மாறாது.

*விபிஎன் போட்டால் வேகம் கூடும்:* பெரும்பாலும் பொய். சுற்றுவழியில் போவதால் பொதுவாகக் குறையத்தான் செய்யும். நிறுவனம் வழக்கமாக அனுப்பும் பாதை நெரிசலாக இருந்தால் மட்டும், அபூர்வமாகப் பலன் தெரியலாம். இலவச விபிஎன் என்றால், உங்கள் டேட்டா முழுவதும் முன்பின் தெரியாதவர் கை வழியாகப் போகிறது.

*ஏபிஎன் மாற்றினால் தினசரி டேட்டா தீர்ந்த பிறகும் ஹைஸ்பீடு வரும்:* பொய். தினசரி அளவு தீர்ந்ததும் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்குகிறது. அந்த வெட்டு விழுவது நிறுவனத்தின் கருவியில். உங்கள் போனில் எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது.

*"100 எம்பி பிளான் எடுத்தேன், 12 எம்பி-தான் இறங்குது, ஏமாத்துறாங்க":* இது ஏமாற்று இல்லை, அலகுக் குழப்பம். பிளானில் சொல்வது மெகாபிட். டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. சரியாகத்தான் வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

வரிசை முக்கியம். முதலில் வைஃபையை விட்டுவிட்டு, லேப்டாப்பைக் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் இணையுங்கள். மற்ற போன், டிவி எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு மூன்று முறை சோதியுங்கள். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை. தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

கேபிளில் பிளான் வேகம் வந்து, அறையில் வரவில்லை என்றால் பிரச்சினை உங்கள் வைஃபையில். எப்போதும் 94 என்றால் கேபிளையோ, 100-க்கு மேல் போகாத பழைய ரவுட்டரையோ சந்தேகப்படுங்கள். ஸ்பீடு டெஸ்ட் நன்றாக இருந்து வெளிநாட்டு ஃபைல் மட்டும் ஊர்ந்தால், மேலே சொன்ன `netsh` அமைப்பைப் பாருங்கள்.

காலையில் சரியாக வந்து இரவில் மட்டும் விழுகிறது, அதுவும் கேபிளிலேயே என்றால், நெரிசல் நிறுவனத்தின் பக்கம். மொபைல் டேட்டாவுக்கும் இதே கதைதான். சனி, ஞாயிறு மாலைகளில் கடற்கரைக் கோயில் பக்கம் கூட்டம் சேரும்போது, ஒரே டவரின் கொள்ளளவை அத்தனை போன்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. போனில் எதைத் தொட்டாலும் அந்தப் பங்கு கூடாது.

அப்படிப்பட்ட சூழலில் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தியாக இல்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனமும் அதை வைத்திருக்க வேண்டும். மொபைல் டேட்டா வேகத்தை அளக்க டிராயே ‘மைஸ்பீடு’ என்ற ஆப்பை வெளியிட்டிருக்கிறது. அது அளக்க மட்டும்தான் செய்யும், கூட்டித் தருகிறேன் என்று சொல்லாது.

‘பிழை’ காட்டி ஒரு போன் நம்பரைக் கொடுத்து, அதில் பேசியவர் உங்கள் கணினியைத் தொலைவில் இருந்து இயக்க அனுமதி கேட்டால், உடனே இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் செய்யலாம்.

மாமாவின் கிளீனர் சந்தாவில் ‘தானாகப் புதுப்பிக்கும்’ வசதி ஆன் ஆகி இருந்தது. முதலில் அதை ரத்து செய்தோம், பிறகுதான் மென்பொருளை நீக்கினோம். இந்த வரிசையும் முக்கியம். மென்பொருளை நீக்கிவிட்டால் சந்தா தானாக நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது.

கடைசியாக போனில் இருந்த ராக்கெட். அதை மாமாவே நீக்கினார். நீக்கிவிட்டு, ஸ்பீடு டெஸ்டை ஒருமுறை போட்டுப் பார்த்தார். முன்பு வந்த அதே வேகம்தான் வந்தது. "இவ்ளோ நாள் இதைத் தொட்டுத் தொட்டு விளம்பரம் பார்த்ததுதான் மிச்சம்" என்றார்.